ரூமுக்கு எத்தனை வால்பேப்பர் ரோல் வேணும்? டிசைன் ரிபீட், ரோல் அகலம், வேஸ்டேஜ் எல்லாம் சேர்த்து கணக்கு போடுற முறை

வால்பேப்பர் வாங்கப் போறவங்கள்ல முக்கால்வாசிப் பேரு போடுற கணக்கு இதுதான்: நாலு சுவத்தோட சதுர அடியை கூட்டுறது, கதவு ஜன்னலை கழிக்கிறது, ஒரு ரோலு 57 சதுர அடி கவர் ஆகும்னு வகுக்குறது, வேஸ்டேஜுக்கு 10 சதவீதம் சேத்துக்குறது. பெயிண்டுக்கு இந்த கணக்கு சரி, ஏன்னா டப்பாவுல மிச்சம் இருக்குற கடைசி கரண்டியைக் கூட அடுத்த சுவத்துல அடிச்சிடலாம். வால்பேப்பர் அப்படி இல்ல. சீலிங்ல இருந்து கீழ வரைக்கும் ஒரே துண்டா இறங்கணும், ரோலோட கடைசியில ஒரு மீட்டர் மிச்சம் இருந்தா அதை இன்னொரு ரோலோட மிச்சத்துக்கு மேல கீழ ஒட்டு போட்டு ஒரு ஸ்ட்ரிப்பா ஆக்க முடியாது, நடு சுவத்துல குறுக்க ஒரு கோடு தெரியும். அதனால வால்பேப்பர்ல எண்ண வேண்டியது சதுர அடியை இல்ல, ஸ்ட்ரிப்பை. ரூமை சுத்தி மொத்தம் எத்தனை ஸ்ட்ரிப், ஒரு ரோல்ல முழு ஸ்ட்ரிப் எத்தனை கிடைக்கும், இந்த ரெண்டு கேள்விதான் மொத்த கணக்கும். ரெண்டாவது கேள்வியிலதான் டிசைன் ரிபீட், அதாவது அதே டிசைன் மேல இருந்து கீழ திரும்ப வர்ற தூரம், உள்ள வந்து எல்லாத்தையும் மாத்துது, நான் பாத்த வரைக்கும் ரோல் பத்தாம போன வேலை எல்லாத்துலயும் தப்பு அந்த இடத்துலதான் நடந்திருக்கு.

ஒரே ஒரு ரூமை எடுத்து கடைசி வரைக்கும் அதுலயே போட்டுக் காட்டுறேன். நீளம் 420 செமீ, அகலம் 360 செமீ, உயரம் 300 செமீ. ஒரு கதவு (90 அகலம், 210 உயரம்), ஒரு ஜன்னல் (150 அகலம், 120 உயரம்). நாலு சுவத்துலயும் ஒட்டப் போறோம். எல்லா அளவையும் செமீலயே வெச்சுக்கோங்க, ஏன்னா ரோல் லேபிள்ல ரிபீட் செமீலதான் இருக்கும், அடி இன்ச்னு மாத்தி மாத்தி போட்டா நடுவுல எங்கயாவது ரெண்டு மூணு செமீ காணாம போகும், அந்த ரெண்டு செமீக்கு எவ்ளோ விலைன்னு கொஞ்ச நேரத்துல பாப்பீங்க.

## டேப் பிடிக்கிறது

உயரத்தை ஒரு இடத்துல மட்டும் அளந்துட்டு வந்துடாதீங்க. ஒவ்வொரு சுவத்துலயும் ரெண்டு ஓரம், நடுவுல ஒண்ணுன்னு மூணு இடத்துல அளங்க. சீலிங்கும் தரையும் எங்கயுமே முழு லெவல்ல இருக்காது, ஒரு மூலையில 298 வரும், எதிர் மூலையில 300 வரும். அதுல எது பெருசோ அதைத்தான் கணக்குக்கு எடுக்கணும்.

எங்கிருந்து எங்க வரைக்கும் அளக்குறோம்ங்குறதும் முக்கியம். கீழ ஸ்கர்டிங் இருந்தா டேப்பு அதோட மேல் விளிம்புலதான் நிக்கணும், தரையில இல்ல. மேல கார்னிஸ் மாதிரி ஏதாவது ஓடுச்சுன்னா அதோட அடி விளிம்பு வரைக்கும்தான். பேப்பர் நிஜமா ஒட்டுற உயரம் மட்டும்தான் நமக்கு வேணும். நம்ம ரூம்ல அப்படி அளந்து வந்ததுதான் 300.

இதோட மேல 5 செமீ, கீழ 5 செமீ சேத்துக்கணும். ஒட்டுனதுக்கு அப்புறம் சீலிங் ஓரத்துலயும் ஸ்கர்டிங் ஓரத்துலயும் பிளேடு வெச்சு வெட்டி எடுக்குற பகுதி இது, இதைத்தான் ட்ரிம்னு சொல்றோம். ஸ்ட்ரிப்பை தூக்குக்குண்டு கோட்டுக்கு நேரா தொங்க விடுவோம், சீலிங் சாய்ஞ்சிருந்தா ஒரு பக்கம் பேப்பர் கொஞ்சம் தூக்கி நிக்கும், அந்த சாய்வை இந்த 5 செமீதான் வாங்கிக்கும். ஆக நம்ம வெட்டு நீளம் 310.

சுத்தளவு எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்: 420, 360, 420, 360, மொத்தம் 1560.

## ரோல் லேபிள்ல என்ன பாக்கணும்

அகலம், நீளம் ரெண்டும் லேபிள்லயே இருக்கும். ஐரோப்பா அளவு ரோல்னா 53 செமீ அகலம், 10.05 மீட்டர் நீளம், அதாவது 1005 செமீ. உலகம் பூரா அதிகமா கிடைக்குறது இதுதான், அந்த 57 சதுர அடிங்குற கணக்கும் இதுல இருந்து வர்றதுதான். இதே மாதிரி 70 செமீ, 106 செமீ அகலத்துலயும் ரோல் இருக்கு, அகல ரோல்ல நீளம் 10.05 மீட்டராவும் இருக்கும், 15.6 மீட்டராவும் இருக்கும். அமெரிக்க ரோல்ல மட்டும் ஒரு குழப்பம் உண்டு, விலையை சிங்கிள் ரோலுக்கு போட்டுட்டு சரக்கை டபுள் ரோலா சுத்தி விப்பாங்க, அதனால அங்க எத்தனை ரோல்னு கேக்குறதுக்கு முன்னாடி கையில வரப் போற சுருள் எத்தனை அடி நீளம்னு கேட்டுக்கோங்க.

அடுத்தது அம்புக்குறி. லேபிள்ல சின்னதா ஒரு படம் இருக்கும். அம்புக்குப் பக்கத்துல 0 போட்டிருந்தா ஃப்ரீ மேட்ச், அதாவது பக்கத்து பக்கத்து ஸ்ட்ரிப்ல டிசைனை சேர்க்க வேண்டிய அவசியமே இல்ல. ரெண்டு அம்பு ஒரே கோட்டுல மூஞ்சிக்கு மூஞ்சி பாத்துக்கிட்டு இருந்தா ஸ்ட்ரெயிட் மேட்ச். அந்த ரெண்டு அம்பும் ஒண்ணு மேல ஒண்ணு கீழன்னு ஏறி இறங்கி இருந்தா ஆஃப்செட், இதைத்தான் ஹாஃப் டிராப்னு சொல்றாங்க. கூட ஒரு எண் இருக்கும். 64னு மட்டும் இருந்தா 64 செமீக்கு ஒரு தடவை டிசைன் திரும்ப வருது. 64/32னு இருந்தா ரிபீட் 64, பக்கத்து ஸ்ட்ரிப்புல அதே டிசைன் 32 செமீ தள்ளி உக்காரும்.

ரிபீட்னா உயரவாக்குல டிசைன் திரும்ப வர்ற தூரம். ஒரு பூவோட நடுவுல விரலை வெச்சு, நேர் கீழ அதே பூ மறுபடி வர்ற இடம் வரைக்கும் டேப் பிடிச்சா அதுதான் ரிபீட். அங்க ஒரே மாதிரி பூ ரெண்டு இருக்கலாம், ஒண்ணுல இலை இடது பக்கம், இன்னொண்ணுல வலது பக்கம். அவசரத்துல முதல் பூவையே ரிபீட்னு எடுத்துட்டா கணக்கு பாதியா வந்து நிக்கும், அதனால லேபிள் எண்ணைத்தான் நம்பணும், டேப் சரிபாக்க மட்டும்.

## ரூமுக்கு எத்தனை ஸ்ட்ரிப்

1560 ஐ 53 ஆல வகுத்தா 29.43. அரைகுறை ஸ்ட்ரிப்புன்னு ஒண்ணு கிடையாது, நீளவாக்குல கிழிச்சாலும் முழு நீளம் ஒண்ணு வெட்டியே ஆகணும். அதனால 30.

மூலையில பேப்பரை அப்படியே மடிச்சு ஒட்ட மாட்டோம். மூலைக்கு ஒரு செமீ தாண்டுற மாதிரி வெட்டி ஒட்டிட்டு, மிச்ச பாதியை அடுத்த சுவத்துல புதுசா தூக்குக்குண்டு கோடு போட்டு அதுக்கு நேரா ஒட்டுவோம், ஏன்னா மூலை எதுவும் நேரா இருக்காது. இதுல நாலு மூலைக்கும் சேத்து நாலஞ்சு செமீ அகலம் போயிடும். நம்ம 29.43ல அதுக்கு இடம் இருக்கு. உங்களுக்கு 28.95 மாதிரி வந்தா 29னு நிப்பாட்டாதீங்க, 30னு வெச்சுக்கோங்க.

## ஒரு ரோல்ல எத்தனை ஸ்ட்ரிப்: இங்கதான் விஷயமே இருக்கு

முதல்ல டிசைன் சேர்க்க வேண்டாத பேப்பர். 1005 ஐ 310 ஆல வகுத்தா 3.24, அதாவது 3 ஸ்ட்ரிப். மிச்சம் 75 செமீ. 30 ஸ்ட்ரிப்புக்கு 10 ரோல். கவனிச்சீங்களா, டிசைனே இல்லாத பேப்பருக்கே 10. இதே ரூமுக்கு சதுர கணக்கு போட்டா, சுவர் 46.8 சதுர மீட்டர், கதவு ஜன்னல் போக 43.1, 10 சதவீதம் சேத்து 47.4, ஒரு ரோலு 5.33, ஆக 8.9, கடைக்காரர் 9 குடுப்பாரு. ஒரு ரோலு, அதாவது மூணு ஸ்ட்ரிப்பு இங்கயே குறையுது.

இப்ப 64 செமீ ஸ்ட்ரெயிட் மேட்ச். ஒவ்வொரு ஸ்ட்ரிப்பும் சீலிங்ல டிசைனோட ஒரே புள்ளியில ஆரம்பிக்கணும், அப்பதான் பக்கத்து பக்கத்துல பூவும் இலையும் சேரும். அதனால முதல் ஸ்ட்ரிப்பை 310ல வெட்டுன உடனே ரெண்டாவது ஸ்ட்ரிப்பை அங்கிருந்தே ஆரம்பிக்க முடியாது, டிசைன் மறுபடி அதே புள்ளிக்கு வர்ற வரைக்கும் கீழ போகணும். 64ஓட மடங்குல 310ஐ தாண்டுற முதல் எண் 320 (அஞ்சு ரிபீட்). ஆக ஒவ்வொரு ஸ்ட்ரிப்புக்கு நடுவுலயும் 10 செமீ குப்பைக்குப் போகுது. ரெண்டாவது ஸ்ட்ரிப் 320ல ஆரம்பிச்சு 630ல முடியும், மூணாவது 640ல ஆரம்பிச்சு 950ல முடியும். ரோல் நீளம் 1005. மூணு ஸ்ட்ரிப் கிடைச்சிடுச்சு, மிச்சம் 55 செமீ.

இங்க ஒண்ணு சொல்லணும். வெட்டு நீளத்தை ரிபீட்டுக்கு ரவுண்ட் பண்ணி (320) அதால ரோலை வகுக்கணும்னு பொதுவா சொல்லுவாங்க. நம்ம கணக்குல அதுவும் 3தான் காட்டும். ஆனா கடைசி ஸ்ட்ரிப்புக்கு ரவுண்ட் பண்ண நீளம் தேவையில்ல, வெறும் வெட்டு நீளம் போதும், ஏன்னா அதுக்கு அப்புறம் இன்னொண்ணு ஆரம்பிக்க வேண்டியது இல்ல. பெரிய ரிபீட்ல இந்த வித்தியாசமே ஒரு ஸ்ட்ரிப்பை காப்பாத்தும். அதனால எப்பவும் மேல போட்ட மாதிரி, எங்க ஆரம்பிக்குது எங்க முடியுதுன்னு ஒரு பேப்பர்ல எழுதிப் பாருங்க. மூணு வரி எழுத ரெண்டு நிமிஷம் கூட ஆகாது.

இன்னொண்ணு யாரும் சொல்றது இல்ல: எல்லா ரோலும் டிசைனோட ஒரே இடத்துல ஆரம்பிக்காது. ஃபாக்டரியில நீளமா ஓடுற பேப்பரை 10.05 மீட்டருக்கு ஒரு தடவை வெட்டுறாங்க, 1005ங்குறது 64ஓட மடங்கு இல்ல, அதனால ஒரு ரோல் பூவுல ஆரம்பிச்சா அடுத்தது காம்புல ஆரம்பிக்கலாம். முதல் ரோல்ல பூ முழுசா சீலிங்குக்கு கீழ தெரியுற மாதிரி ஒட்டிட்டீங்கன்னா, அடுத்த ரோல்ல அந்தப் பூ வர்ற வரைக்கும் மேல இருக்குற பேப்பர் வெட்டிப் போட வேண்டியதுதான். அது அதிகபட்சம் ஒரு ரிபீட் வரைக்கும் போகும், நம்ம கேஸ்ல 63, 64 செமீ. நம்மகிட்ட ரோலுக்கு மிச்சம் இருக்குறது 55. அதாவது ஆரம்பத்துலயே 55 செமீக்கு மேல போற மாதிரி ஒரு ரோல் வந்து சிக்குனா அந்த ரோல்ல ரெண்டு ஸ்ட்ரிப்தான் கிடைக்கும், மூணாவது எட்டாது. பெரும்பாலான ரோல்ல தப்பிச்சுக்கலாம், பத்து ரோல்ல ஒண்ணு ரெண்டு அப்படி மாட்டும்னு வெச்சுக்கிட்டு கணக்கு போடுறதுதான் நியாயம். அதனாலதான் ஸ்ட்ரெயிட் மேட்ச் 64க்கு நான் 10ல நிக்காம 11னு எடுக்குறேன், அதுக்கு மேல ஸ்பேர் தனி.

ஒட்டுற அன்னைக்கு இதைக் குறைக்க ஒரு வழி இருக்கு. எல்லா ரோல் லேபிள்லயும் பேட்ச் நம்பர் ஒண்ணாதான் இருக்குன்னு உறுதியானதுக்கு அப்புறம், ரோல்களை ஒரு மீட்டர் மட்டும் பிரிச்சு தரையில வரிசையா போட்டு ஒவ்வொண்ணும் டிசைன்ல எங்க ஆரம்பிக்குதுன்னு பாருங்க. நிறைய ரோலுக்கு வசதியா இருக்குற புள்ளியை சீலிங் கோட்டுல வெச்சுக்கிட்டா வெட்டிப் போடுறது குறையும். அதுக்காக பூவோட தலையை சீலிங்ல வெட்டுற மாதிரி வெச்சுடாதீங்க, அது படுத்துக்கிட்டு பாக்கும்போதெல்லாம் கண்ணை உறுத்தும்.

## 2 செமீல அஞ்சு ரோல்

இப்ப அதே ரூம், அதே 64 ஸ்ட்ரெயிட் மேட்ச், ஆனா சுவர் உயரம் 312னு வெச்சுக்கோங்க. ட்ரிம்மோட 322. 64ஓட மடங்குல 320 இதுக்கு பத்தல, ரெண்டே செமீ குறையுது, அடுத்த மடங்கு 384. ஆக ரெண்டாவது ஸ்ட்ரிப் 384ல ஆரம்பிக்கும், மூணாவது 768ல ஆரம்பிச்சு 1090ல முடியணும். ரோலே 1005தான். மூணாவது கிடைக்காது. ரோலுக்கு ரெண்டு ஸ்ட்ரிப், 30 ஸ்ட்ரிப்புக்கு 15 ரோல்! சுவரு கூடுனது 12 செமீ, ரோலு வெறும் ஸ்ட்ரிப் கணக்குல 10ல இருந்து கூடுனது அஞ்சு. ரோலுக்கு மூணு மீட்டருக்கு மேல குப்பைக்குப் போகுது. வேஸ்டேஜுக்கு 10 சதவீதம், 15 சதவீதம்னு பொதுவா ஒரு எண்ணை சேத்துக்கிட்டா இந்த மாதிரி இடத்துல கணக்கு எப்படி கவுந்து போகும்னு இப்ப தெரியும். வேஸ்டேஜ் சதவீதத்துல மெதுவா ஏறாது, படி மாதிரி ஒரே தாவா தாவும்.

வெட்டு நீளம் ஏதாவது மடங்கை மயிரிழையில தாண்டி நிக்குதுன்னா ஆர்டர் குடுக்குறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம் பாருங்க. ஒண்ணு, உயரத்தை சரியாத்தான் அளந்தோமா. இப்படித்தான் ஒரு வீட்டுல அளவு குடுத்தவர் தரையில இருந்து டேப் பிடிச்சு 312னு சொல்லிட்டாரு, 15 ரோலுக்கு சீட்டு எழுதுற நேரம், எனக்கு மனசு கேக்காம போய் பாத்தா கீழ 10 செமீ ஸ்கர்டிங் ஓடுது. ஒட்டுற உயரம் 302, வெட்டு நீளம் 312, 320க்குள்ள அடங்கிடுச்சு, ரோலுக்கு மூணு ஸ்ட்ரிப். அவருக்கு 12 ரோலே போதும்னு ஆச்சு.

ரெண்டாவது, ட்ரிம்மை குறைக்க முடியுமா. உயரம் நிஜமாவே 312தான், ஆனா எல்லா மூலையிலயும் அளந்தா 311ல இருந்து 312க்குள்ளதான் வருது, சீலிங் கிட்டத்தட்ட லெவல்னா மேல 4 கீழ 4னு 8 செமீ ட்ரிம் வெச்சு 320க்குள்ள கொண்டு வந்துடலாம். சீலிங்ல ரெண்டு மூணு செமீ சாய்வு இருக்குற ரூம்ல இதை செய்யாதீங்க. ஒரு மூலையில ஸ்கர்டிங்குக்கு மேல விரல் அகலத்துக்கு வெறும் சுவர் தெரிஞ்சுதுன்னா அதை மறைக்க ஒரு வழியும் இல்ல, முழு ஸ்ட்ரிப்பையும் கிழிக்கணும்.

ரெண்டும் ஒத்து வரலன்னா டிசைனை மாத்திப் பாருங்க. 322 வெட்டு நீளத்துக்கு 53 ரிபீட்னா அடுத்த மடங்கு 371, மூணாவது ஸ்ட்ரிப் 742ல ஆரம்பிச்சு 1064, அதுவும் எட்டாது. 32 ரிபீட்னா 352, மூணாவது 704ல ஆரம்பிச்சு 1026, 21 செமீல போச்சு. 26.5 ரிபீட்னா மடங்கு 344.5, மூணாவது 689ல ஆரம்பிச்சு 1011, இதுவும் ஆறு செமீ இடிக்குது. பாருங்க, சின்ன ரிபீட்னா வேஸ்ட் கம்மின்னு கண்ணை மூடிக்கிட்டு சொல்ல முடியல, உங்க உயரத்தோட அந்த ரிபீட் எப்படி உக்காருதுன்னு போட்டுப் பாத்தாத்தான் தெரியும்.

## ஹாஃப் டிராப்னா ரெண்டு ரோலை சேத்து வெட்டுங்க

மறுபடி நம்ம 300 உயர ரூமுக்கே வருவோம், வெட்டு நீளம் 310. பேப்பர் 64/32. முதல் ஸ்ட்ரிப்ல சீலிங் ஓரத்துல பூ இருந்தா, ரெண்டாவது ஸ்ட்ரிப்ல அந்தப் பூ 32 செமீ கீழ இருக்கும், மூணாவதுல மறுபடி சீலிங் ஓரத்துக்கு வந்துடும். அதாவது ஒத்தை எண் ஸ்ட்ரிப் எல்லாம் ஒரு ஜாதி, இரட்டை எண் ஸ்ட்ரிப் எல்லாம் இன்னொரு ஜாதி.

புதுசா ஒட்டுறவங்க ஒரே ரோல்ல இருந்து வரிசையா வெட்டிக்கிட்டே போவாங்க. முதல் ஸ்ட்ரிப் 0ல ஆரம்பிச்சு 310ல முடியும். ரெண்டாவது ஜாதி அரை ரிபீட் தள்ளி ஆரம்பிக்கணும், 310க்கு அப்புறம் அந்த மாதிரி முதல் இடம் 352. அது 662ல முடியும். மூணாவது மறுபடி முதல் ஜாதி, அதுக்கு இடம் 704, முடியுறது 1014. ரோல் 1005. ஒம்பது செமீல போச்சு! ரோலுக்கு ரெண்டே ஸ்ட்ரிப், மொத்தம் 15 ரோல்.

இப்ப ரெண்டு ரோலை ஒண்ணா திறந்து வெச்சுக்கோங்க. ஒரு ரோல்ல ஒத்தை எண் ஸ்ட்ரிப் மட்டும் வெட்டுங்க: 0, 320, 640, கடைசி 950ல முடியும், மூணு ஸ்ட்ரிப். இன்னொரு ரோல்ல ஆரம்பத்துல 32 செமீ வெட்டிப் போட்டுட்டு இரட்டை எண் மட்டும் வெட்டுங்க: 32, 352, 672, கடைசி 982ல முடியும், அதுவும் மூணு. அதே பேப்பர், அதே ரூம், 15 ரோல் கேட்ட இடத்துல 10 ரோல்ல முடியுது. ரோல் எங்க ஆரம்பிக்குதுங்குறது இங்க நமக்கு கொஞ்சம் சாதகமாவே வரும், ஏன்னா ஒரு ரோல் ஒரு ஜாதிக்கு வசதி இல்லன்னா மற்ற ஜாதிக்கு அனேகமா வசதியா இருக்கும், பாத்து பிரிச்சுக்கலாம். வெட்டுன உடனே பின்பக்கம் பென்சில்ல ஒத்தை, இரட்டைன்னு எழுதி, மேல் பக்கம் எதுன்னு அம்பும் போட்டுடுங்க. இலை டிசைன்ல மேல கீழ தெரியாம தலைகீழா ஒட்டுறது அனுபவம் உள்ளவங்களுக்கும் நடக்குறதுதான்.

ஒட்டுறது வேற ஆளுன்னா, இப்படித்தான் ரெண்டு ரோல் சேத்து வெட்டுவாரான்னு முன்கூட்டியே கேட்டுக்கோங்க. நீங்க இந்த முறையில கணக்கு போட்டு வாங்கி வெச்சு, அவரு ஒரே ரோல்ல இருந்து வெட்ட ஆரம்பிச்சாருன்னா மூணாவது சுவத்துல பேப்பர் தீந்துடும்.

## கதவு, ஜன்னலுக்கு எவ்ளோ கழிக்கலாம்

என்னைக் கேட்டா சாதாரண கதவு, ஜன்னலுக்கு ஒண்ணும் கழிக்காதீங்க. காரணம் இருக்கு. நம்ம கதவு 90 அகலம், அதாவது 1.7 ஸ்ட்ரிப். கதவோட ரெண்டு பக்க ஓரமும் ஒரு ஸ்ட்ரிப்புக்கு நடுவுலதான் விழும், அந்த ஸ்ட்ரிப் முழு நீளமா இறங்கி கதவுக்கு எல் வடிவத்துல வெட்டப்படும். நடுவுல முழுசா மிச்சமாகுறது அதிகபட்சம் ஒரு ஸ்ட்ரிப், அதுவும் கதவு எங்க விழுதுங்குறதைப் பொறுத்தது. அங்கயும் கதவுக்கு மேல 90 செமீ துண்டு வேணும், ட்ரிம்மோட 95க்கு மேல. ரோல் கடைசியில மிச்சமாகுற 55ல அது வராது, ஒரு முழு ஸ்ட்ரிப்பைத்தான் உடைக்கணும். ஜன்னல்லயும் இதே கதைதான், மேல ஒரு துண்டு, கீழ ஒரு துண்டு, ரெண்டுக்கும் டிசைன் பக்கத்து ஸ்ட்ரிப்போட சேரணும்.

கழிக்க வேண்டியது எதைன்னா, தரையில இருந்து சீலிங் வரைக்கும் சுவரை மறைக்குற அலமாரி, முழு உயரக் கண்ணாடி மாதிரி விஷயங்களை. அதோட அகலத்தை சுத்தளவுலயே கழிச்சுட்டு அப்புறம் 53 ஆல வகுங்க.

ரோலுக்கு ரெண்டே ஸ்ட்ரிப் கிடைக்குற கேஸ்ல மட்டும் ஒரு ஆறுதல் உண்டு, மிச்சத் துண்டு நீளமா இருக்கும், கதவு மேல, ஜன்னல் மேல கீழ எல்லாம் அதுலயே முடியும். அப்ப ஒண்ணு ரெண்டு ஸ்ட்ரிப் கழிச்சுக்கலாம்.

## அகல ரோல் வாங்கினா

106 செமீ அகல ரோல்னா 1560 வகுத்தல் 106, 14.7, ஆக 15 ஸ்ட்ரிப். ரோல் நீளம் 15.6 மீட்டர்னா ஃப்ரீ மேட்ச்ல 310ங்குறது அஞ்சு தடவை போகும் (1550, பத்து செமீதான் மிச்சம்), 3 ரோல். அதுவே 64 ஸ்ட்ரெயிட் மேட்ச்னா அஞ்சாவது ஸ்ட்ரிப் 1280ல ஆரம்பிச்சு 1590ல முடியணும், ரோல் 1560, எட்டாது. ரோலுக்கு 4, ஆக 4 ரோல், ஒரு ஸ்ட்ரிப் மிஞ்சும்.

ஜாயிண்ட் பாதியா குறையும், பாக்க சுத்தமா இருக்கும். ஆனா ஒரு ஸ்ட்ரிப் கிழிஞ்சா மூணு சதுர மீட்டருக்கு மேல போச்சு, ஸ்பேர் வாங்கணும்னாலும் ஒரு பெரிய ரோலே வாங்கணும். ஒரே ஒரு சுவத்துக்கு ஒட்டுறதா இருந்தா ரெண்டு அகலத்துலயும் போட்டுப் பாருங்க. நம்ம 360 சுவத்துக்கு மட்டும்னா 53ல 7 ஸ்ட்ரிப், 3 ரோல், ரெண்டு ஸ்ட்ரிப் மிஞ்சும். 106 அகலத்துல 4 ஸ்ட்ரிப், 15.6 மீட்டர் ரோல்ல ஒண்ணே ஒண்ணு போதும், ஆனா ரிபீட் 64 இருந்தா கையில ஸ்பேர்னு ஒண்ணும் மிஞ்சாது.

## ஸ்பேரும் பேட்ச் நம்பரும்

நம்ம ரூமுக்கு வந்த எண்: ஃப்ரீ மேட்ச் 10, ஸ்ட்ரெயிட் மேட்ச் 64க்கு 11, ஹாஃப் டிராப் 64/32 ரெண்டு ரோல் முறையில 10 இல்லன்னா 11. இதுல 30ஐ 3 ஆல வகுத்து மிச்சமே இல்லாம 10 வந்திருக்குன்னு கவனிங்க. ஒரே ஒரு ஸ்ட்ரிப் பசை காஞ்சு கிழிஞ்சாலும் பத்தாது. அதனால எல்லாத்துலயும் ஒண்ணு சேத்து 11, 12, 12னு வாங்குவேன். அந்த ஒரு ரோலை வேலை முடிஞ்சதும் தூக்கிப் போட்டுடாதீங்க, நாளைக்கு ஏசி பைப்புல தண்ணி கசிஞ்சோ, கட்டிலை நகத்தும்போது உரசியோ ஒரு ஸ்ட்ரிப் போனா மாத்துறதுக்கு அதுதான் இருக்கும்.

அப்புறம் வாங்கிக்கலாம்னு விட முடியாததுக்கு காரணம் பேட்ச். ஒவ்வொரு லேபிள்லயும் டிசைன் நம்பர் தவிர பேட்ச் இல்லன்னா லாட்னு ஒரு நம்பர் இருக்கும், ஒரே தடவை மை கலந்து அடிச்ச ரோலுக்கெல்லாம் அது ஒண்ணா இருக்கும். அடுத்த தடவை அடிக்கும்போது நிறம் ஒரு பொட்டு மாறும். எனக்கு ஒரு வேலையில ரெண்டு ரோல் குறைஞ்சு, அதே டிசைன் நம்பர் சொல்லி வரவெச்சேன், கையில பிடிச்சுப் பாத்தப்ப ஒண்ணும் தெரியல, பகல்ல ஒட்டி முடிச்சதும் கூட தெரியல, சாயங்காலம் லைட்டு போட்டதும் புது ஸ்ட்ரிப் ஆரம்பிக்குற ஜாயிண்ட்ல மேல இருந்து கீழ வரைக்கும் ஒரு நிழல் விழுந்த மாதிரி நின்னுச்சு. அந்த முழு சுவத்தையும் கிழிச்சு மறுபடி ஒட்ட வேண்டியதா போச்சு.

அதனால சரக்கு வந்த உடனே எல்லா ரோலையும் நிக்க வெச்சு பேட்ச் நம்பரை ஒவ்வொண்ணா படிங்க, கவரைப் பிரிக்குறதுக்கு முன்னாடி, ஏன்னா பிரிச்ச ரோலை திரும்ப எடுத்துக்க மாட்டாங்க. லேபிள் ஒண்ணை வீட்டுல பத்திரமா வெச்சுக்கோங்க. ஒட்ட ஆரம்பிச்சு மூணு ஸ்ட்ரிப் ஆனதும் நிறுத்திட்டு, லைட்டைப் போட்டு எதிர் சுவத்துக்கிட்ட நின்னு பாருங்க. நிறம் ஒண்ணா இருக்கா, டிசைன் கண் மட்டத்துல சேருதா, ஜாயிண்ட் ஓரம் வெளுத்துத் தெரியுதா. ஏதாவது குறை தெரிஞ்சா மிச்சத்தை வெட்டாம அப்படியே வெச்சுட்டு கடையில பேசுங்க, பத்து ஸ்ட்ரிப் வெட்டுனதுக்கு அப்புறம் போனா யாரும் கேக்க மாட்டாங்க.